கார் கடன்: மூன்று ஆண்டா, ஐந்து ஆண்டா?

கார் விற்பனையகத்தில் மாடலும் நிறமும் முடிவான பிறகு, கடன் பிரிவு ஊழியர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டுவார். கடன் தொகை 6,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளில் அடைப்பதற்கான மாதத் தவணை 19,220 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கானது 12,601 ரூபாய். அந்தத் தாளில் பெரும்பாலும் இடம்பெறாத இன்னும் இரண்டு எண்கள் உண்டு. மூன்று ஆண்டுக் கடனுக்கு மொத்தம் 91,912 ரூபாய் வட்டி போகும். ஐந்து ஆண்டுக் கடனுக்கு 1,56,067 ரூபாய் போகும். மாதத் தவணையில் 6,619 ரூபாய் குறைகிறது, மொத்த வட்டியில் 64,155 ரூபாய் கூடுகிறது.

இந்த நான்கு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் குறைவு. விற்பவர் சிறிய தவணையைக் காட்டுகிறார், விவரம் தெரிந்த உறவினர் மொத்த வட்டியைக் காட்டி, "அறுபத்து நாலாயிரத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பதா?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த 64,155 ரூபாய் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரியாமல் முடிவெடுத்தால், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறான காரணத்துக்காகத் தேர்ந்ததாகவே இருக்கும்.

முதல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். நிலுவையில் உள்ள அசல் 6,00,000 ரூபாய். அதற்கு ஒரு மாத வட்டி 4,750 ரூபாய். மூன்று ஆண்டுக் கடனானாலும் ஐந்து ஆண்டுக் கடனானாலும் முதல் மாத வட்டி இதே 4,750 ரூபாய்தான். வட்டி விகிதம் ஒன்று, நிலுவை ஒன்று, ஆகவே வட்டியும் ஒன்று. மூன்று ஆண்டுத் தவணையான 19,220 ரூபாயில் வட்டி போக 14,470 ரூபாய் அசலில் கழிகிறது. ஐந்து ஆண்டுத் தவணையான 12,601 ரூபாயில் 7,851 ரூபாய்தான் கழிகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதே 6,619 ரூபாய். அதாவது, கூடுதலாகக் கட்டும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த மாத வட்டிக்குப் போவதில்லை. முழுவதும் அசலைத்தான் குறைக்கிறது.

வித்தியாசம் அடுத்த மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அசல் வேகமாகக் குறைந்த கடனுக்கு வட்டி குறைவாகவும், மெதுவாகக் குறைந்த கடனுக்கு வட்டி கூடுதலாகவும் கணக்கிடப்படும். ஓராண்டு முடிவில் மூன்று ஆண்டுக் கடனில் 4,18,600 ரூபாய் பாக்கி நிற்கும்போது, ஐந்து ஆண்டுக் கடனில் 5,01,570 ரூபாய் நிற்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் முன்னது 2,19,200 ரூபாயாக இறங்கிவிட, பின்னது 3,93,400 ரூபாயில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் முதல் கடன் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதில் இன்னும் 2,74,450 ரூபாய் பாக்கி.

எனவே 64,155 ரூபாய் என்பது நீண்ட தவணையைத் தேர்ந்தவருக்கு வங்கி விதிக்கும் அபராதம் அன்று. வங்கியின் பணத்தை அதிக அளவில், அதிக காலம் கையில் வைத்திருந்ததற்கான வாடகை அது. வாடகை கொடுத்தால் அதற்கு ஈடாக ஒரு பொருள் கையில் இருந்திருக்க வேண்டும். இங்கே அந்தப் பொருள், முதல் மூன்று ஆண்டுகளும் மாதந்தோறும் குடும்பத்தின் கையிலேயே தங்கிய 6,619 ரூபாய். மூன்றா, ஐந்தா என்ற கேள்வி உண்மையில் அந்தப் பணம் எங்கே போகும் என்ற கேள்விதான்.

ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக் கடனை எடுத்துக்கொண்டு, அந்த 6,619 ரூபாயை மாதம் தவறாமல் வங்கியில் தொடர் வைப்பாக, அதாவது ஆர்.டி.யாகப் போட்டு வந்தது என்று கொள்வோம். அதற்கு 7 சதவீத வட்டி கிடைத்தால், மூன்று ஆண்டு முடிவில் ஏறத்தாழ 2,64,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அப்போது கடன் பாக்கி 2,74,450 ரூபாய். சேமிப்பு முழுவதையும் எடுத்துக் கடனை அடைத்தால், கையிலிருந்து சேர்க்க வேண்டியது 10,000 ரூபாய்க்குச் சற்றே அதிகம். மூன்று ஆண்டுக் கடனை எடுத்தவரும் அதே நாளில்தான் கடனை முடித்திருப்பார். ஆக, ஒழுங்காகச் சேமித்த குடும்பத்துக்கு நீண்ட தவணையால் ஏற்பட்ட இழப்பு 64,155 ரூபாய் அன்று. பத்தாயிரம் சொச்சம்தான்; வைப்பு வட்டிக்கு வருமான வரி கட்டுபவராக இருந்தால் அந்த வரியும் இதனோடு கூடும். கடன் வட்டியான 9.5 சதவீதத்துக்கும் வைப்பு வட்டியான 7 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளியே அந்த இழப்பு.

அதே 6,619 ரூபாய் ஆர்.டி.க்குப் போகாமல் வேறொரு கடனுக்குப் போகலாம். ஏற்கெனவே 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அல்லது மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும் கிரெடிட் கார்டு பாக்கி உள்ள வீட்டில், கார் கடனை ஐந்து ஆண்டுக்கு நீட்டி, மிச்சமாகும் பணத்தைக் கொண்டு அந்த விலையுயர்ந்த கடனை முதலில் தீர்ப்பதே லாபம். அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுத் தவணையை எடுத்து, 9.5 சதவீதக் கடனை அவசரமாக அடைத்துக்கொண்டே 36 அல்லது 40 சதவீதக் கடனை அப்படியே விட்டுவைத்தால், வட்டியை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அதிக வட்டி கட்டுகிறார்.

மூன்றாவது வழிதான் பெரும்பாலோருக்கு நேர்வது. 6,619 ரூபாய் எங்கும் போய்ச் சேராமல், மாதச் செலவோடு செலவாகக் கரைந்துவிடும். அப்போது 64,155 ரூபாயும் முழு இழப்பாகவே நிற்கும். உறவினரின் எச்சரிக்கை இவர்களுக்குப் பொருந்துகிறது. தன் மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கையைத் திருப்பிப் பார்த்து, தொடங்கிய ஆர்.டி.களில் எத்தனையை முதிர்வுவரை கொண்டுபோனோம் என்று எண்ணிப் பார்ப்பவருக்குத் தாம் எந்த வகை என்பது தெரிந்துவிடும். சேமிப்பு தங்காத கைக்குப் பெரிய தவணையே ஒரு கட்டாயச் சேமிப்பு என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தவணையைத் தாங்கும் வருமானம் இருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கு எடுத்து மூன்றாம் ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள், ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்தாக வேண்டும். தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் கார் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுகின்றன. அவற்றுக்கு நிலுவை அசலின் மீது குறிப்பிட்ட சதவீதம் கட்டணமாகவும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கேட்கப்படலாம். கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2,74,450 ரூபாய் பாக்கிக்கு வரியோடு சேர்த்து 9,715 ரூபாய் ஆகிறது.

இதை முன்சொன்ன பத்தாயிரத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 20,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் 550 ரூபாய். சேமிக்கும் பழக்கமுள்ள குடும்பம் நீண்ட தவணைக்குக் கொடுக்கும் உண்மையான விலை இதுதான். அந்த விலைக்கு ஓர் உரிமை கிடைக்கிறது: வேலை போன மாதத்தில், மருத்துவமனைச் செலவு வந்த மாதத்தில், 6,619 ரூபாயைக் கட்டாமல் இருக்கலாம், அதுவரை சேர்ந்த ஆர்.டி.யை எடுத்தும் பயன்படுத்தலாம். மூன்று ஆண்டுக் கடனில் ஏற்கெனவே அசலில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. தவணை நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் தானியங்கிப் பற்று திரும்பிவிடும். வங்கி ஒரு பக்கம் திரும்பியதற்கான கட்டணத்தையும், கடன் கொடுத்த நிறுவனம் மறுபக்கம் தாமதத்துக்கான அபராதக் கட்டணத்தையும் எழுதும். கடன் வரலாற்றிலும் அந்தத் தாமதம் பதிவாகும். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். மாதம் 550 ரூபாய் இந்த ஆபத்துக்கு எதிரான காப்பீட்டுத் தொகை என்று கொண்டால், வருமானம் நிலையில்லாத வீட்டுக்கு அது மலிவு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையற்ற செலவு.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுக் கடனின் மொத்த வட்டியான 1,56,067 ரூபாய் ஐந்து ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரிந்து கிடப்பதாக நினைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் அடைத்தால் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 62,000 ரூபாய் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிலுவை அதிகமாக இருக்கும் முதல் ஆண்டுகளில்தான் வட்டியும் அதிகம். முதல் மூன்று ஆண்டுகளில் 1,28,087 ரூபாய் வட்டி போய்விட்டிருக்கும். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கென்று மீதமிருப்பது 27,980 ரூபாய் மட்டுமே. அதிலும் முன்னடைப்புக் கட்டணமாக 9,715 ரூபாய் போனால், உண்மையில் மிச்சமாவது 18,265 ரூபாய். முன்கூட்டி அடைப்பதால் பயன் வேண்டுமென்றால், அது கடனின் தொடக்கப் பகுதியில் நடக்க வேண்டும்.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் குறையும் நிலுவையின் மீது வட்டி கணக்கிடும் கடனுக்கு உரியவை. இரு சக்கர வாகனக் கடனிலும் பழைய கார் கடனிலும் இன்னும் "ஃபிளாட் ரேட்" என்று ஒரு விகிதத்தைச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1,00,000 ரூபாய்க்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று ஆண்டுகள் என்றால், ஆண்டுக்கு 10,000 வீதம் 30,000 ரூபாய் வட்டியைச் சேர்த்து 36 ஆல் வகுத்து, 3,611 ரூபாய் தவணை என்பார்கள். கடைசி மாதத்தில் அசலில் பாக்கி 2,778 ரூபாய்தான். ஆனால் அந்த மாதத்துக்கும் முழு ஒரு லட்சத்துக்கான 833 ரூபாய் வட்டி தவணைக்குள் இருக்கிறது. குறையும் நிலுவைக் கணக்கில் இதே தவணைக்கு ஈடான வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். நம் எடுத்துக்காட்டிலுள்ள 9.5 சதவீதக் கார் கடனையே ஃபிளாட் கணக்கில் சொன்னால் மூன்று ஆண்டுக்கு 5.1 சதவீதம், ஐந்து ஆண்டுக்கு 5.2 சதவீதம் என்று வரும். ஆகவே ஒரு நிறுவனம் 9.5 என்றும் இன்னொன்று 7 என்றும் சொல்லும்போது, குறைந்த எண்ணைச் சொன்னதே அதிக வட்டி வாங்குவதாக இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு நல்ல வழி உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கையை, கே.எஃப்.எஸ். என்று வங்கிகளில் சொல்லப்படும் தாளை, கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. செயலாக்கக் கட்டணம் போன்ற செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதமான ஏ.பி.ஆர். அதில் இருக்கும்; மாதவாரியாக அசலும் வட்டியும் எப்படிப் பிரிகின்றன என்ற அட்டவணையும் இருக்கும். மூன்று ஆண்டுக்கும் ஐந்து ஆண்டுக்கும் தனித்தனியாக இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சில நிறுவனங்கள் தவணைக் காலத்தைப் பொறுத்து விகிதத்தையே சற்று மாற்றிச் சொல்வதுண்டு; அது அங்கே தெரிந்துவிடும்.

தன் எண்களைத் தானே சோதிக்க விரும்புபவர் கணினியில் உள்ள எந்த விரிதாளிலும் இந்த மூன்று வரிகளை இட்டுப் பார்க்கலாம்:

```
=PMT(9.5%/12, 36, -600000)
=PMT(9.5%/12, 60, -600000)
=-CUMIPMT(9.5%/12, 60, 600000, 1, 36, 0)
```

முதல் இரண்டும் மாதத் தவணைகளைத் தரும். மூன்றாவது, ஐந்து ஆண்டுக் கடனில் முதல் 36 மாதங்களில் கட்டும் வட்டியைத் தரும். விற்பனையகத் தாளில் உள்ள தவணை, முதல் வரி தரும் எண்ணைவிட நூறு இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தால், கடன் தொகைக்குள் காப்பீடோ வேறு கட்டணமோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஐந்தே நீளம் என்று நினைக்கும்போது ஏழு ஆண்டுக் கடனும் மேசைக்கு வரும். அதே கடனுக்கு ஏழு ஆண்டில் தவணை 9,806 ரூபாய், மொத்த வட்டி 2,23,737 ரூபாய். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது 64,155 ரூபாய் கூடுதல் வட்டிக்கு மாதம் 6,619 ரூபாய் சுமை குறைந்தது. ஐந்திலிருந்து ஏழுக்குப் போகும்போது 67,670 ரூபாய் கூடுதல் வட்டிக்கு மாதம் 2,795 ரூபாய்தான் குறைகிறது. முன்னதைவிட அதிகம் கொடுத்துப் பாதிக்கும் குறைவான ஆறுதலைப் பெறும் பேரம் அது. ஐந்து ஆண்டுத் தவணையே தாங்காது என்னும் நிலையில் மாற்ற வேண்டியது தவணைக் காலத்தை அன்று, காரின் விலையை.

நீண்ட தவணையில் இன்னோர் ஆபத்து, வண்டியின் மதிப்பு இறங்கும் வேகத்துக்கு ஈடாக அசல் இறங்காமல் போவது. காப்பீட்டில் வண்டிக்கு வைக்கும் மதிப்பை ஐ.டி.வி. என்கிறோம். வழக்கமான தேய்மான அட்டவணைப்படி, ஒரு வயது நிறைந்து இரண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு விலையில் 20 சதவீதமும், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் 30 சதவீதமும், அடுத்த ஆண்டுகளில் 40, 50 சதவீதமுமாகக் கழிக்கப்படுகிறது. ஷோரூம் விலை 7,50,000 ரூபாய் உள்ள காருக்குப் பதின்மூன்றாம் மாதத்தில் இந்த மதிப்பு 6,00,000 ரூபாய். அப்போது நம் ஐந்து ஆண்டுக் கடனின் பாக்கி 5 லட்சத்தை ஒட்டி இருப்பதால் அச்சமில்லை. ஆனால் சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆன்ரோடு விலைக்கே 8,50,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு, ஓராண்டு முடிவில் பாக்கி 7,10,560 ரூபாய். பெரும் விபத்தில் வண்டி முழு இழப்பானால் காப்பீட்டுத் தொகை முதலில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும், அது போதாமல் 1,10,000 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும், வண்டியும் இருக்காது. இதே 8,50,000 ரூபாயை மூன்று ஆண்டில் அடைப்பவருக்கு அந்த நாளில் பாக்கி 5,93,000 ரூபாய். காப்பீட்டுத் தொகையே அதைத் தீர்த்துவிடும். முன்பணம் குறைவாகக் கட்டி நீண்ட தவணை எடுப்பவர்கள், விலைப்பட்டியல் தொகையை ஈடுசெய்யும் கூடுதல் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் நால்வர் குடும்பம். கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 75,000 ரூபாய் என்று கொள்வோம். கார் ஆன்ரோடு விலை 8,80,000 ரூபாய்; முன்பணம் 2,80,000 ரூபாய்; கடன் 6,00,000 ரூபாய். முன்பணம் கட்டிய பின் வங்கியில் எஞ்சுவது 1,20,000 ரூபாய்.

வாடகை 14,000, மளிகை, பால், கேஸ், மின்சாரம், போன் எல்லாம் சேர்ந்து 20,500, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பகிர்ந்தால் 7,000, ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீடு 4,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000. ஆக 50,500 ரூபாய் போக 24,500 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த எண்ணைப் பார்த்தவுடன் 19,220 ரூபாய்த் தவணை சுலபம் என்று தோன்றும். வங்கியும் அதைத் தயங்காமல் அனுமதிக்கும்; வருமானத்தில் கால்வாசியை ஒட்டித்தானே தவணை இருக்கிறது. ஆனால் கார் வாசலில் நிற்கும் பொருள் மட்டும் அன்று. பெட்ரோலுக்கு 4,000 ரூபாயும், ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்காக ஒதுக்க வேண்டிய 2,500 ரூபாயும் சேர்ந்தால் மாதம் 6,500 ரூபாய். தவணைக்கு உண்மையில் இருப்பது 18,000 ரூபாய்.

மூன்று ஆண்டுத் தவணைக்கு மாதம் 1,220 ரூபாய் குறைகிறது. குறைவது சிறிய தொகைதான், ஆனால் அது ஒவ்வொரு மாதமும் குறையும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் ஒரே தவணையாக வந்து நிற்கும்போது கிரெடிட் கார்டில் தேய்க்க வேண்டிவரும். 9.5 சதவீத வட்டியை மிச்சப்படுத்தப் போய் அங்கே அதைப்போல் நான்கு மடங்கு வட்டியைக் கட்டுவார்கள். நான்கு ஆண்டுத் தவணை 15,074 ரூபாய். அதில் 2,926 ரூபாய் மிஞ்சும். ஐந்து ஆண்டில் 5,399 ரூபாய் மிஞ்சும்.

முன்பணத்தைக் கூட்டி மூன்று ஆண்டுக்கே போகலாமே என்று கேட்கலாம். வங்கியில் எஞ்சிய 1,20,000 ரூபாயில் ஒரு லட்சத்தைப் போட்டுக் கடனை 5,00,000 ரூபாயாகக் குறைத்தால் மூன்று ஆண்டுத் தவணை 16,016 ரூபாய், பொருந்துகிறது. ஆனால் அதன் பின் கையிருப்பு 20,000 ரூபாய். ஒரு சம்பளம் ஒரு மாதம் தாமதமானாலும் அந்த வீடு கடன் கேட்கத் தொடங்கிவிடும். இந்த வழியை நான் சொல்லமாட்டேன். கையிருப்பு 3 லட்சம் இருந்திருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

இந்தக் குடும்பத்துக்கு மாதச் சம்பளத்துக்கு வெளியே ஒரு வரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் 50,000 ரூபாய் போனஸ். ஐந்து ஆண்டுக் கடனை எடுத்து, முதல் ஆண்டு முடிவில் அந்தத் தொகையை அசலில் கட்டினால் பாக்கி 5,01,570 ரூபாயிலிருந்து 4,51,570 ரூபாயாக இறங்கும். தவணைத் தொகையை மாற்றாமல் கட்டிவந்தால், எஞ்சிய 48 மாதங்கள் 42 மாதம் சொச்சமாகச் சுருங்கும். வட்டியில் ஏறத்தாழ 21,650 ரூபாய் மிச்சம். இப்படிப் பகுதித் தொகை கட்டும்போது, காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா என்று வங்கி கேட்கும். சில இடங்களில் கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவார்கள். காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கொடுத்து, திருத்திய அட்டவணையை வாங்கிப் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களுக்குப் பகுதித் தொகையை ஏற்காத ஒப்பந்தங்களும், ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு என்பதால், இந்த விதியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவிலும் மூன்றாம் ஆண்டு முடிவிலும் அதே 50,000 ரூபாயைக் கட்டினால், மூன்றாம் ஆண்டு முடிவில் பாக்கி 1,09,070 ரூபாய். அதை அடைக்க இன்னும் ஒன்பது தவணைகள் போதும். 60 மாதக் கடன் 45 மாதங்களில் முடிகிறது. மொத்த வட்டி 1,17,050 ரூபாய். பகுதித் தொகைக்கு 3 சதவீதக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் வாங்கினால்கூட 5,310 ரூபாய் சேர்ந்து 1,22,360 ரூபாய். தொடக்கத்திலேயே நான்கு ஆண்டுக் கடன் எடுத்திருந்தால் வட்டி 1,23,546 ரூபாய் ஆகியிருக்கும். அதைவிட இது சற்றுக் குறைவு. இத்தனைக்கும் எந்த மாதத்திலும் 12,601 ரூபாய்க்கு மேல் கட்டியாக வேண்டிய கட்டாயம் அந்த வீட்டுக்கு இல்லை. மாதம் மிஞ்சும் 5,399 ரூபாய் முதல் ஆண்டில் கையிருப்பை வளர்க்கப் போகிறது. ஏதோ ஓர் ஆண்டு போனஸ் வரவில்லை என்றால் கடன் சில மாதங்கள் நீளும், அவ்வளவுதான். எந்தத் தவணையும் திரும்பாது.

45ஆம் மாதத் தவணை போன பிறகு வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றிதழையும், கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால், ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயர் நீக்கப்படும்.